ஒரு 7.6, நான்கு சதவீதங்கள்

தம்பி மகள் பொறியியல் முடித்த கையோடு ஜெர்மனியில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தாள். அல்சூரில் எங்கள் வீட்டு ஹால்; சனிக்கிழமை ராத்திரி பத்து மணி இருக்கும். திரையில் ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். பட்டப்படிப்பின் சதவீதத்தைப் போடு என்று கேட்டது. அவள் மதிப்பெண் பட்டியலில் சதவீதம் என்று எதுவும் இல்லை. எட்டு செமஸ்டருக்கும் சேர்த்து சிஜிபிஏ 7.60 என்று மட்டும் இருந்தது.

"பெரியப்பா, இதுக்கு என்ன போடறது?" என்றாள்.

பெங்களூரில் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். அதனால் என்னிடம் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் பதில் சொல்லிவிட்டார்கள். சென்னையில் படித்த எங்கள் மாப்பிள்ளை, "பத்தால பெருக்குங்க, எங்க காலேஜ்ல அப்படித்தான்" என்றார். அது 76. 2014இல் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு முடித்த என் மகன், "இல்லப்பா, 9.5ஆல பெருக்கணும்" என்றான். அது 72.2. சிஜிபிஏயைச் சதவீதமாக மாற்றிக்கொள்ளக் கல்லூரி கொடுத்த சான்றிதழில் வேறு ஒரு சூத்திரம் இருந்தது. கர்நாடகத்தில் பொறியியல் படித்தவர்களுக்கு வி.டி.யு. பல்கலைக்கழகச் சூத்திரம் என்று பழகிப்போனது அது:

```
(CGPA - 0.75) × 10
```

இதன்படி 68.5. ஒரே பெண், ஒரே படிப்பு, மூன்று சதவீதம். 76க்கும் 68.5க்கும் நடுவே ஏழரை மார்க். நான்காவது எண் ஒன்று இருக்கிறது, அதுதான் அவள் உண்மையில் வாங்கியது. அதைக் கண்டுபிடிக்க ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

முதலில் கிரேடு எப்படிப் போடுகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவள் கல்லூரியின் அட்டவணைப்படி 90ம் அதற்கு மேலும் வாங்கினால் 10 புள்ளி, 80 முதல் 89 வரை 9, 70 முதல் 79 வரை 8, 60 முதல் 69 வரை 7, 50 முதல் 59 வரை 6. அதற்குக் கீழே படி குறுகிவிடுகிறது: 45 முதல் 49 வரை 5, 40 முதல் 44 வரை 4. அதற்கும் கீழே போனால் அரியர். ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அந்தப் பாடத்தின் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தால் சிஜிபிஏ வந்துவிடும்.

இந்த அட்டவணையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். 40க்கு 4 என்று ஒழுங்காகத்தான் தொடங்குகிறது. நடுவில் இரண்டு படிகள் ஐந்தைந்து மார்க்கிலேயே முடிந்துவிடுவதால், 50ஐ எட்டும்போது புள்ளி 6 ஆகிவிடுகிறது. அங்கிருந்து மேலே எல்லாம் ஒரு படி முந்தியே ஓடும். 60 வாங்கியவனுக்கு 7, 70 வாங்கியவனுக்கு 8. அதனால்தான் புள்ளியைப் பத்தால் பெருக்கினால் வாங்காத மார்க்கெல்லாம் வந்து சேர்கிறது. மாப்பிள்ளை சொன்ன 76 அப்படி வந்ததுதான். அவர் கல்லூரியின் அட்டவணைக்கு அது சரியாக இருக்கலாம், இவளுடையதற்கு இல்லை.

0.75ஐக் கழிப்பது இந்த முந்தலைப் பின்னுக்கு இழுக்கத்தான். ஆனால் எவ்வளவு இழுக்கிறது? 7 புள்ளி என்றால் மார்க் 60க்கும் 69க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. அதன் நடு 64.5. சூத்திரம் தருவதோ 62.5. மாணவர் எப்போதும் படியின் கீழ்ப்பாதியில்தான் நிற்கிறார் என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு அது. அடிமட்டத்துக்கு இறங்கினால் கூத்து இன்னும் அதிகம். எல்லாப் பாடத்திலும் 4 புள்ளி வாங்கிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் எல்லாவற்றிலும் பாஸ், அதாவது எதிலும் 40க்குக் குறையவில்லை. சூத்திரம் அவருக்கு 32.5 சதவீதம் என்கிறது. அப்படி எல்லாத் தாளிலும் விளிம்பிலேயே நிற்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

என் மகன் பிடித்துக்கொண்டிருந்த 9.5க்கும் ஒரு கதை உண்டு. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் கிரேடு முறை இருந்த காலத்தில், 91 முதல் 100 வரை வாங்கிய மாணவர்களின் சராசரி சில ஆண்டுகளாக 95ஐ ஒட்டி இருந்ததைப் பார்த்து, அதைப் பத்தால் வகுத்து 9.5 என்று வைத்தார்கள். அதாவது உச்சிப்படியில் நிற்பவர்களை வைத்துத் தைத்த சட்டை. அதையே எல்லோருக்கும் மாட்டிவிட்டார்கள். அங்கே படிகள் 61–70, 71–80 என்று போனதால் பெரிய விபரீதம் நடக்கவில்லை. ஆனால் அந்தப் பெருக்கல் ஒரு தலைமுறைக்கே வாய்ப்பாடாகிப்போய், எந்த அட்டவணையைக் கண்டாலும் 9.5ஆல் பெருக்குகிறார்கள்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கிரேடு மட்டும் இருக்கும் இறுதிப் பட்டியலை ஓரம் வைத்துவிட்டு, செமஸ்டர் வாரியாக மார்க்கும் அச்சிட்டிருந்த அட்டைகளை எடுக்கச் சொன்னேன். எட்டு அட்டையும் பத்திரமாக வைத்திருந்தாள். பலர் வைத்திருப்பதில்லை. சிஜிபிஏ வந்தபிறகு இது எதற்கு என்று தொலைத்துவிடுகிறார்கள். அப்புறம் தேர்வுப் பிரிவு ஜன்னலில் வந்து நிற்பார்கள். அந்த ஜன்னலின் உள்பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

அவளோடு படித்த ஓசூர்ப் பையன் ஒருவனும் அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தான். அவனும் விண்ணப்பிக்கிறான். அவனுடைய சிஜிபிஏயும் 7.60. இரண்டு பேர் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஒரு செமஸ்டரில் என் கண் நின்றுவிட்டது.

ஆறு பாடம், எல்லாம் நான்கு கிரெடிட். இவளுடைய மார்க் 89, 79, 69, 78, 88, 69. புள்ளிகள் 9, 8, 7, 8, 9, 7. கூட்டினால் 48, சராசரி சரியாக 8.00. அவனுடைய மார்க் 80, 71, 60, 70, 82, 61. புள்ளிகள் அதே 9, 8, 7, 8, 9, 7. அதே 8.00. மார்க்கைக் கூட்டினால் இவளுக்கு 472, அவனுக்கு 424. சதவீதத்தில் 78.7, 70.7. எட்டு சதவீத வித்தியாசம் ஒரு தடயமும் இல்லாமல் மறைந்துவிட்டது. 8.00ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டு எந்தச் சூத்திரத்தாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது, ஏனென்றால் இரண்டு பேருக்கும் உள்ளே போடும் எண் ஒன்றுதான், வெளியே வருவதும் ஒன்றாகத்தான் இருக்கும்.

வித்தியாசம் மறைவதோடு போனால்கூடப் பரவாயில்லை. வரிசையே தலைகீழாகும் இடமும் உண்டு. அதே ஆறு பாடத்தில் ஒருவர் 90, 80, 70, 70, 80, 70 வாங்குவதாக வைத்துக்கொள்வோம். புள்ளிகள் 10, 9, 8, 8, 9, 8, சராசரி 8.67. மொத்த மார்க் 460, அதாவது 76.7 சதவீதம். எங்கள் வீட்டுப் பெண்ணைவிட 12 மார்க் குறைவு. கிரேடில் அவளைவிட மூன்றில் இரண்டு புள்ளி அதிகம். இவளுடைய நான்கு பாடங்கள் அடுத்த படிக்கு ஒரே ஒரு மார்க் தூரத்தில் நின்றதுதான் காரணம். மீதி இரண்டான 78க்கும் 88க்கும் இரண்டிரண்டு மார்க்.

"அப்ப 69 வாங்கறதுக்கு 61 வாங்கிட்டுப் போயிருக்கலாமே" என்றாள் அவள். கணக்குப்படி பார்த்தால் உண்மைதான். எட்டு மார்க்கும் எங்கேயும் எழுதப்படவில்லை.

இந்த இடத்தில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஆறு பாடத்தில் எட்டு சதவீதம் தவறிப்போவது ஒரு செமஸ்டரில் நடக்கும். எட்டு செமஸ்டர், ஐம்பது பாடம் என்று சேரும்போது, ஒரு பாடத்தில் படியின் மேல் விளிம்பிலும் இன்னொன்றில் கீழ் விளிம்பிலும் நிற்பது ஒன்றை ஒன்று ஓரளவு ஈடுகட்டிவிடும். மார்க்குகள் படிக்குள் சும்மா சிதறிக் கிடந்தால், ஐம்பது பாடத்தின் முடிவில் தவறு பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குள் அடங்கிவிட வேண்டும். ஆனால் அவை சும்மா சிதறிக் கிடப்பதில்லை. 69இல் நிற்கும் தாளை மறுபடி ஒருமுறை பார்த்து 70 ஆக்கும் மனசு ஆசிரியர்களுக்கு உண்டு. கருணை மதிப்பெண் உண்டு. மாணவர்களும், உள்மதிப்பீட்டு மார்க்கைப் பார்த்துவிட்டு, இன்னும் எத்தனை வாங்கினால் அடுத்த கிரேடு என்று கணக்குப் போட்டுத்தான் படிக்கிறார்கள். அதனால் படியின் கீழ் விளிம்பில் கூட்டம் அதிகம். நான் கையாண்ட பட்டியல்களில் 70ம் 71ம் நிறைந்திருக்கும், 69ஐத் தேட வேண்டும். அந்த 0.75க்கு ஏதாவது நியாயம் உண்டென்றால் அது இதுதான் என்பது என் எண்ணம். பெரும்பாலோர் கீழ்ப்பாதியில் நிற்கும்போது, எல்லோரையும் கீழ்ப்பாதியில் வைத்துக் கணக்குப் போடுவது சராசரியாகப் பொருந்திவிடும். பொருந்தாமல் போவது, 69லேயே நின்றுவிடும் எங்கள் வீட்டுப் பெண் மாதிரி ஆட்களுக்கு.

மார்க்கையெல்லாம் அவள் ஒரு எக்செல் தாளில் ஏற்றி, கூட்டி, பாடங்களின் எண்ணிக்கையால் வகுத்தாள். 74ஐத் தாண்டியது. முகம் மலர்ந்தது. நான்தான் கெடுத்தேன். லேப் எல்லாம் ஒரு கிரெடிட், தியரி நான்கு கிரெடிட். ஒரு தியரியில் 62, அதன் லேபில் 94 என்றால், சும்மா கூட்டி வகுத்தால் 78. கிரெடிட்டைப் பெருக்கிக் கூட்டினால் 68.4. லேபில் எல்லோருக்கும் தாராளமாகத்தான் போடுவார்கள். பழைய சதவீத முறையில் அந்தத் தாராளம் தியரிக்குச் சமமாகக் கணக்கில் ஏறும், சிஜிபிஏயில் தியரியின் எடையில் நான்கில் ஒரு பங்குதான் ஏறும். ஆக, சதவீதத்துக்கும் சிஜிபிஏக்கும் உள்ள இடைவெளியில் ஒரு பகுதி படியால் வருவது, இன்னொரு பகுதி எடையால் வருவது. இரண்டையும் பிரிக்காமல் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். கிரெடிட் எடையோடு மறுபடி போட்டதில் அவளுடைய உண்மைச் சதவீதம் 71.3 என்று வந்தது. ஓசூர்ப் பையனுக்கு 68.9.

என் மகனின் பொருந்தாச் சட்டை 72.2 காட்டியிருந்தது. கல்லூரிச் சான்றிதழின் 68.5ஐவிட அதுதான் இவளுடைய உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறான். ஓசூர்ப் பையனுக்கு அதே 72.2 மூன்றுக்கு மேல் தப்பு என்பதை நான் சொல்லிக் காட்டுகிறேன்.

இப்போது இது வெறும் வீட்டுச் சண்டையாக நிற்காத இடம். ஜெர்மனியில் மதிப்பெண் 1இல் தொடங்கும். 1 என்றால் மிகச் சிறப்பு, 4 என்றால் பாஸ். வெளிநாட்டு மதிப்பெண்ணை அதற்கு மாற்ற பவேரியச் சூத்திரம் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள்:

```
1 + 3 × (Nmax - Nd) / (Nmax - Nmin)
```

Nmax என்பது அந்த அளவுகோலில் வாங்கக்கூடிய உச்சம், Nmin பாஸ் ஆவதற்கான குறைந்தபட்சம், Nd நாம் வாங்கியது. சூத்திரம் நேர்மையானது. உச்சத்துக்கும் பாஸுக்கும் நடுவே நாம் எவ்வளவு கீழே இருக்கிறோம் என்பதை மட்டும் கேட்கிறது. ஆனால் எந்த அளவுகோலில் அளந்து கொடுக்கிறோம் என்பது நம் கையில்.

அவள் விரும்பிய படிப்பில் ஒன்றுக்கு 2.5க்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தார்கள். சிஜிபிஏயை அப்படியே கொடுத்தால் உச்சம் 10, பாஸ் 4, வாங்கியது 7.6. பத்திலிருந்து 2.4 கீழே, மொத்த இடைவெளி 6. விடை 2.2. உண்மை மார்க்கைக் கொடுத்தால் உச்சம் 100, பாஸ் 40, வாங்கியது 71.3, விடை 2.4க்குச் சற்று மேலே. கல்லூரிச் சான்றிதழின் 68.5ஐக் கொடுத்தால் 2.58. முதல் இரண்டில் உள்ளே, மூன்றாவதில் வெளியே. சனிக்கிழமை ராத்திரி தூக்கக் கலக்கத்தில் அந்தக் கட்டத்தில் 68.5 என்று தட்டிவிட்டுப் படுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தட்டத்தான் போனாள்.

சிஜிபிஏயை நேராகக் கொடுத்தால் ஏன் இவ்வளவு நன்றாக வருகிறது என்பதற்கும் பதில் அந்தக் குறுகிய படிகளில்தான் இருக்கிறது. பாஸ் 4இல் நிற்கிறது, ஆனால் 50க்கு மேல் எல்லோரும் ஒரு படி முன்னால் நிற்கிறார்கள். எனவே பாஸிலிருந்து பார்த்தால் எல்லோரும் உண்மையைவிட உயரமாகத் தெரிவார்கள். சான்றிதழில் நேர்மாறு: புள்ளியிலிருந்து 0.75ஐக் கழித்துக் கீழே இறக்கிவிட்டு, பாஸை மட்டும் 40லேயே விட்டுவிடுகிறோம். ஒரே சூத்திரத்தால் பாஸ் மார்க்கையும் மாற்றினால் அது 32.5 ஆகியிருக்க வேண்டும். மாணவரின் எண்ணை ஒரு அளவுகோலிலும் பாஸ் எண்ணை இன்னொரு அளவுகோலிலும் வைத்து அளந்தால் வரும் 2.58 எந்த அர்த்தமும் இல்லாத எண். அந்த மாதிரி எண்ணை யாராவது நீட்டினால் முதலில் பார்க்க வேண்டியது, மூன்று எண்ணும் ஒரே அட்டவணையிலிருந்து வந்தவையா என்பதைத்தான்.

நடுவில் என் தம்பி, அதாவது பெண்ணின் அப்பா, இன்னொரு கணக்கைக் கொண்டுவந்தான். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் அவளுக்கு மொத்த பேண்ட் 7. "ஒன்பதுக்கு ஏழுன்னா 78 பர்சென்ட், நல்ல மார்க்தானே, இதையும் சேர்த்துக் காட்டலாமே?" என்றான். பேண்டை 9ஆல் வகுத்துச் சதவீதமாக்குவதைப் பலர் செய்கிறார்கள், ஆனால் அது சதவீதமே இல்லை. கேட்டல் தாளில் 40 கேள்வி. ஏறத்தாழ 23 சரியென்றால் பேண்ட் 6, 30 சரியென்றால் 7, 35 சரியென்றால் 8. அதாவது 6இலிருந்து 7க்கு ஏழு கேள்வி, 7இலிருந்து 8க்கு ஐந்துதான். பேண்ட் 6ஐ 9ஆல் வகுத்தால் 67 சதவீதம், கேள்விக் கணக்கில் அது 57.5. எழுத்திலும் பேச்சிலும் கேள்வி எண்ணிக்கையே கிடையாது. எழுதியதையும் பேசியதையும் விவரணைகளோடு ஒப்பிட்டுப் போடுவது. இன்னொன்று: அவளுடைய நான்கு பேண்டுகள் 7.5, 7, 6, 6.5. சராசரி 6.75, அது மேல்நோக்கி 7 ஆகிவிட்டது. எழுத்தில் 6 என்பது அந்த 7க்குள் காணாமல் போகும். எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையக் கூடாது என்று கேட்கும் இடத்தில் மட்டும் திரும்ப வந்து நிற்கும். அவளிடம் அதையும் சொல்லிவைத்தேன். தம்பி அதற்குள் தூங்கப் போய்விட்டான்.

திங்கட்கிழமை அந்தப் படிப்பின் சேர்க்கைப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். மூன்று வரிதான்: என் பட்டியலில் சதவீதம் இல்லை, உச்சம் 10, பாஸ் 4, வாங்கியது 7.60, கட்டத்தில் எதைப் போடட்டும்? கிரேடு அட்டவணை அச்சிட்ட பின்பக்கத்தையும் ஸ்கேன் எடுத்து இணைக்கச் சொன்னேன். அந்தப் பின்பக்கம்தான் முக்கியம். அது இல்லாமல் 7.60க்கு அர்த்தமே இல்லை, பலர் முன்பக்கத்தை மட்டும் அனுப்பிவிடுகிறார்கள். நாலு நாளில் பதில் வந்தது. பட்டியலில் எந்த அளவில் இருக்கிறதோ அதிலேயே மதிப்பிடுவோம், கட்டத்தில் 76 என்று போட்டுவிட்டுக் குறிப்பில் சிஜிபிஏயை எழுதவும் என்று. மாப்பிள்ளையின் 76 கடைசியில் ஜெயித்துவிட்டது, காரணம் வேறென்றாலும்.

அவர்கள் மதிப்பீட்டில் அவளுக்கு 2.2. ஓசூர்ப் பையனும் அதே படிப்புக்கு அதே மாதிரி எழுதிப் போட்டான். அவனுக்கும் 2.2. அவன் வாங்கிய 68.9ஐ வைத்துப் போட்டிருந்தால் 2.56, எல்லைக்கு வெளியே. ஞாயிற்றுக்கிழமை போட்ட எக்செல் தாள் என் கணினியில் இன்னும் இருக்கிறது. போன வாரம் போன் செய்தபோது முதலில் அதைத்தான் கேட்டான். "அங்கிள், அந்த ஃபைலை டெலிட் பண்ணிட்டீங்களா?"